பேரின்ர கதையோட உங்களை அறிமுகப்படுத்திறது: அடிக்கடி கேக்கிற கேள்வியள்

பேர், ஊர், படிச்ச இடம் சொன்னாக் காணாதோ? பேருக்கு விளக்கம் குடுக்கிறது ஓவரா இருக்காதோ?

காணும், ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம். ஆனா புது ஒப்பிஸிலயோ கம்பஸிலயோ இருபது பேர் வரிசையா எழும்பி நிண்டு சொல்லேக்க கேட்டுப் பாருங்கோ, பத்துப் பேர் யாழ்ப்பாணம், எட்டுப் பேர் கணக்குப் படிச்சவை, எல்லாருக்கும் பாட்டுக் கேக்கிறது பிடிக்கும், இதில ஆர் ஆரெண்டு எப்பிடி நினைவிருக்கும். மற்றவைக்கும் உங்களுக்கும் வித்தியாசம் அந்தப் பேர் ஒண்டு தான், அதைத் தான் நாங்கள் ஒரு மூச்சில விழுங்கிப்போட்டு ஊருக்குப் பாயிறது.

இதுக்கு ஒரு காரணமும் இருக்கெண்டு நினைக்கிறன். ஊரில எங்களுக்கு எங்கட பேரச் சொல்லிப் பழக்கமே இல்லை. நீர் ஆற்ற பிள்ளை எண்டு தான் கேப்பினம், சிவசோதி மாஸ்டற்ற ரெண்டாவது எண்டு சொன்னா அலுவல் முடிஞ்சுது, மிச்சமெல்லாம் அவைக்கே தெரியும். கொழும்பில ஒரு ஒப்பிஸுக்குப் போய் நிக்கேக்க தான் அந்த மாஸ்டரை ஒருத்தருக்கும் தெரியாதெண்டு விளங்கும், அந்த இடத்தில உங்கட பேர் தனிய நிக்க வேண்டி வருது. அதுக்கு முண்டு குடுக்கிறது தான் இந்தக் கதை, விளக்கவுரை இல்லை.

சரி, எவ்வளவு சொல்லுறது? எனக்கு மேடையில நிண்டு கதைக்கிற பழக்கம் இல்லை.

முழு அறிமுகமும் முக்கால் நிமிசம், அதில பேரின்ர கதை மூண்டு நாலு வசனம், அவ்வளவு தான். போனில மணிக்கூட்டப் போட்டு ஒருக்காச் சத்தமாச் சொல்லிப் பாருங்கோ, மனசுக்க வாசிச்சுப் பாக்கிறது சரிவராது, ஏனெண்டா மனசுக்க எல்லாரும் கெதியாக் கதைப்பம். ஒரு நிமிசத்தத் தாண்டிச்செண்டா கட்டாயம் ரெண்டு கதை உள்ளுக்க இருக்கு, ஒண்ட எடுத்துப் போடுங்கோ.

என்ர பேரின்ர அர்த்தத்த நெற்றில தேடி எடுத்திட்டன். அதச் சொன்னாப் போதும் தானே?

இது தான் நான் விட்ட பிழை, அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

என்ர பேர் நகுலாம்பிகை. கீரிமலை நகுலேஸ்வரம் தெரியும் தானே, ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களில ஒண்டு, அங்க இருக்கிற அம்மன்ர பேர். நகுலம் எண்டா வடமொழியில கீரி. கீரி முகத்தோட இருந்த ஒரு முனிவர் அந்தக் கேணித் தண்ணியில குளிச்சு முகம் மாறினவர், அவரால தான் மலைக்கும் கோயிலுக்கும் அந்தப் பேர் வந்ததெண்டு எங்கட ஐதீகம். பக்கத்தில மாவிட்டபுரத்துக்கும் இதே மாதிரி ஒரு கதை இருக்கு, குதிரை முகத்தோட வந்த மாருதப்புரவீகவல்லி எண்ட இளவரசி இதே தண்ணியில குளிச்சு அந்த முகம் போனதால மா விட்ட புரம். முகம் சரியில்லாத ஆக்களெல்லாம் எங்கட பக்கம் தான் வந்திருக்கினம் போல.

நான் கொழும்பில முதல் வேலைக்குப் போன நாள், மீற்றிங் ரூமில எழும்பி, என்ர பேர் நகுலாம்பிகை, நகுலம் எண்டால் கீரி, அம்பிகை எண்டால் தாய், எண்டு அகராதி மாதிரிச் சொன்னன். எல்லாரும் சிரிச்சினம், நல்லாப் போச்செண்டு நானும் சந்தோசமா இருந்திட்டன். அடுத்த நாள் தேத்தண்ணி நேரம் பாத்தா நான் மங்கூஸ். மூண்டு மாசம் மங்கூஸ், சிங்கள ஆக்கள் முகட்டியா எண்டுவினம், கெட்ட எண்ணத்தில இல்லை, பாசமாத் தான், ஆனா என்ர பேர் என்ன எண்டு கேட்டா அந்த ரூமில இருந்த ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. கதை பேரைத் திண்டு போட்டுது.

அர்த்தம் எண்டிறது சொல்லின்ர சொத்து, உங்கட இல்லை. உலகத்தில எத்தினை விஜயன் இருந்தாலும் அத்தினை பேருக்கும் வெற்றி தான் அர்த்தம், அதச் சொல்லேக்க கொஞ்சம் தற்பெருமை மாதிரியும் கேக்கும், அழகி எண்டு அர்த்தம் வாற பேரெண்டா இன்னும் கரைச்சல், சொல்லுற ஆளும் வெக்கப்பட்டு கேக்கிற ஆளும் எங்கயோ பாக்க வேண்டி வரும். உங்களுக்கு ஏன் அந்தப் பேர் வந்தது, ஆர் வச்சது, அண்டைக்கு வீட்டில என்ன நடந்தது, இது தான் உங்கட. அர்த்தம் அந்தக் கதைக்குத் தேவையெண்டா ஒரு சொல்லில வரட்டும்.

அப்ப கதைய எங்க போய் எடுக்கிறது? அம்மாட்டக் கேட்டா "நல்ல பேர் எண்டு வச்சது" எண்டுறா.

கேள்வி பிழை. என்ர பேருக்கு என்ன அர்த்தம், ஏன் வச்சனீங்கள் எண்டு கேட்டா எல்லா அம்மாவும் அதத் தான் சொல்லுவா. வேற விதமாக் கேளுங்கோ: எனக்கு வைக்க நினைச்ச மற்றப் பேர் என்ன? முப்பத்தொண்டு அண்டைக்கு எங்க இருந்தனீங்கள், ஆர் ஆர் வந்தவை? பேர் விசயத்தில ஆரோட ஆர் கோவிச்சது? இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கட வீடுகளில பதில் வராமல் இருக்காது.

முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிக்கிற அண்டு பேர் வச்ச கதைய அப்பம்மாவோ பெரிய மாமியோ தான் வடிவாச் சொல்லுவினம், அம்மா அந்த நேரம் பிள்ளையோட உள்ளுக்க இருந்திருப்பா, வெளியில நடந்த சண்டை அவவுக்குப் பாதி தான் தெரியும். போனில கேக்காமல் நேர போய், அவ கீரை ஆயேக்கயோ புட்டுக்கு மா குழைக்கேக்கயோ கேட்டா இன்னும் நல்லது, கை வேலையா இருக்கேக்க தான் அவை கதைப்பினம்.

என்ர கதை எனக்கே அப்பிடித் தான் கிடைச்சது, வேலைக்குப் போய் மங்கூஸாகின பிறகு. அப்பா எனக்கு நிரோஷா எண்டு வைக்க நினைச்சவராம், அந்த நேரம் ஒழுங்கைக்கு ரெண்டு நிரோஷா. அம்மம்மா தான் விடேல்லை. அவ கீரிமலை ஆள், 1990 யூனில சண்டை திரும்பத் தொடங்க அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் வெளிக்கிட்டது, பிறகு அது பாதுகாப்பு வலயமாகிப் போக ஆரும் உள்ளுக்க போக ஏலாது. நான் 94 இல இணுவிலில ஒரு வாடகை வீட்டில பிறந்தனான். கோயிலுக்குப் போக ஏலாது, அம்மனைப் பேர் சொல்லிக் கூப்பிடவாவது ஒரு ஆள் வேணும் எண்டு அம்மம்மா சொன்னவாம். இண்டைக்கும் அவ ஒருத்தி தான் என்னை முழுப்பேரும் சொல்லிக் கூப்பிடுறது, நகுலாம்பிகை இஞ்ச வா எண்டு படலையடியில நிண்டு கூப்பிட்டா மூண்டு வீடு தள்ளிக் கேக்கும். சின்னனில அது எனக்குச் சரியான வெக்கம்.

அதை அப்பிடியே ஒப்பிஸில சொல்லவோ? நீளம் எல்லே.

நீளம் தான், வெட்ட வேணும். ரெண்டாவது வேலைக்குப் போகேக்க நான் சொன்னது இது:

"வணக்கம், நான் நகுலா, அப்பிடியே கூப்பிடுங்கோ. முழுப்பேர் நகுலாம்பிகை, அது கீரிமலைக் கோயில் அம்மன்ர பேர். என்ர அம்மம்மா கீரிமலை, நான் பிறக்கேக்க அவ ஊருக்குப் போக ஏலாமல் இணுவிலில இருந்தவ, கோயிலுக்குத் தான் போக ஏலாது, பேரையாவது ஒவ்வொரு நாளும் கூப்பிடுவம் எண்டு எனக்கு வச்சவ. இப்பவும் அவ மட்டும் தான் முழுசாக் கூப்பிடுறது, மற்ற எல்லாருக்கும் நகுலா. ரெண்டு வருசம் கொழும்பில அக்கவுண்ட்ஸ் பாத்திட்டு வந்திருக்கிறன், இனி உங்கட பில்லுகள் எல்லாம் என்னட்டத் தான் வரும்."

இதில என்ன செய்திருக்கிறன் எண்டு பாருங்கோ. கூப்பிடுற பேர் முதல் வசனத்தில வந்திட்டுது, கதை முடியேக்க திரும்ப வருது. இது தான் முக்கியம், கதை எங்க சுத்தினாலும் கடைசியில பேரில வந்து நிக்க வேணும், அப்ப தான் சனத்தின்ர காதில மிஞ்சுறது பேரா இருக்கும். முதல் தரம் நான் கீரியில கொண்டு போய் முடிச்சன், அவையும் கீரியத் தான் பிடிச்சுக் கொண்டினம். இந்த முறை கீரிய அடியோட எடுத்திட்டன், முனிவரையும் எடுத்திட்டன். எடுக்க மனமில்லாமல் தான் எடுத்தது, ஏனெண்டா நல்ல கதை. ஆனா அது மதியம் சாப்பிடேக்க ஆராவது கேட்டாச் சொல்லலாம், கேட்டவை, சொன்னன்.

பில்லுக் கதை கடைசியில வந்ததும் சும்மா இல்லை. கோயில், அம்மம்மா எண்டு சொல்லி அப்பிடியே இருந்தா ரூம் கொஞ்சம் அமைதியாப் போகும், அடுத்த ஆள் பாவம், எழும்பி என்ன சொல்லுறதெண்டு முழிக்கும். வேலைக்கோ வகுப்புக்கோ ஒரு வசனத்தால இறக்கி விட்டா எல்லாருக்கும் லேசு.

சண்டை, இடம்பெயர்வு எல்லாம் முதல் நாளே சொல்லலாமோ? அதுவும் சிங்கள ஆக்களும் இருக்கேக்க.

எனக்கும் இந்தக் கேள்வி ரெண்டு கிழமை மண்டைக்க ஓடினது. எங்கட வயசுக்காரர் கனபேரின்ர பேரில இது ஏதோ ஒரு விதத்தில ஒட்டிக்கொண்டு தான் இருக்கு, ஒளிச்சா கதை பொய்யாப் போகும், விரிச்சா முதல் நாள் அறிமுகம் வேற எங்கயோ போகும். நான் கண்டுபிடிச்ச வழி, ஆக்கள் என்ன செய்தவை எண்டு மட்டும் சொல்லுறது. "ஊருக்குப் போக ஏலாமல் இருந்தவ" எண்டதோட நிப்பாட்டினன், ஏன் போக ஏலாது எண்டதச் சொல்லேல்லை. யாழ்ப்பாணத்து ஆளுக்கு அது தன்ர பாட்டில விளங்கும். தெரியாத ஆள் பிறகு தனியக் கேப்பார், அப்ப அது ரெண்டு பேரின்ர கதை, இருபது பேருக்கு முன்னால நடக்கிற விசயம் இல்லை.

95 இல திரும்ப எல்லாத்தையும் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனதையும் சேக்க வேணும் போல இருக்கும். அதுக்கும் பேருக்கும் சம்பந்தமில்லை, விடுங்கோ.

இன்னொண்டு. உங்களுக்கு வச்ச பேர் இல்லாமல் போன ஒரு மாமான்ரயோ அண்ணான்ரயோ எண்டா, "என்ர மாமான்ர பேர், அம்மா தான் வச்சவ" எண்டு மட்டும் சொல்லலாம், அதுவும் முழுக் கதை தான். சொல்லேக்க குரல் தடுமாறும் எண்டு தெரிஞ்சா அதச் சொல்லாமல் வீட்டுப்பேர்க் கதைய எடுங்கோ.

எனக்குப் பேர் வச்சது சாத்திரியார். அர்த்தமும் இல்லை, கதையும் இல்லை. நான் என்ன செய்ய?

எண்பது தொண்ணூறுகளில பிறந்த பாதிப் பேருக்கு இது தான் நிலமை, நீங்கள் தனிய இல்லை. நட்சத்திரத்துக்கு எழுத்து வரும், ரோகிணி எண்டா ஒ, வ, வி, வு, கார்த்திகை எண்டா அ, இ, உ, எ, அதில ஒண்டப் பிடிச்சு, பிறகு எண் சாத்திரத்துக்கு இங்கிலீஷ் எழுத்தக் கூட்டிப் பாத்து, சரிவராட்டி நடுவில ஒரு எழுத்த விட்டு, கடைசியில ஒரு அகராதியிலயும் இல்லாத பேர் ஒண்டு வரும். அதுக்கு அர்த்தம் தேடிக் களைக்காதேங்கோ, சிலபேர் வெக்கத்தில வடமொழி அர்த்தமெண்டு ஏதோ ஒண்டை இழுத்து ஒட்டுவினம், தெரிஞ்ச ஆள் ஒருத்தர் ரூமில இருந்தா மானம் போகும்.

உங்களுக்கு இருக்கிற கதை அந்தத் தயாரிப்பு தான். "நான் ரோகிணி, எழுத்து வி எண்டு வந்தது, அப்பா ஒரு கொப்பியில இருபது பேர் எழுதி, எண் சரிவாறதா ஒண்டொண்டா வெட்டி, கடைசியில மிஞ்சினது விதுஜன், அர்த்தம் கேக்காதேங்கோ, அது அப்பாக்கும் தெரியாது" எண்டு சொன்னா ரூம் சிரிக்கும், உங்கள மாதிரி அர்த்தமில்லாத பேரோட இருக்கிற நாலு பேர் பிறகு வந்து கதைப்பினம். அந்தக் கொப்பி வீட்டில இன்னும் இருக்கோ எண்டு கேட்டுப் பாருங்கோ, சில வீடுகளில சாதகக் குறிப்போட சேத்து வச்சிருப்பினம்.

வேதக்காரப் பேருக்கு? என்ர பேரில அப்பப்பான்ர சின்னப்பர் இருக்கு, கேக்கிற ஆக்கள் சித்தப்பா எண்டு நினைக்கினம்.

உங்களுக்குக் கிடைச்சிருக்கிறது நல்ல கதை. பவுல் எண்ட லத்தீன் பேருக்குச் சின்னவர் எண்டு தான் அர்த்தம், அத அப்பிடியே தமிழாக்கித் தான் சின்னப்பர். ஜோசப் சூசையானது உச்சரிப்பு மாறி, பவுல் சின்னப்பரானது அர்த்தம் மாறாமல். இங்க மட்டும் அர்த்தத்தத் தாராளமாச் சொல்லலாம், ஏனெண்டா அது பேர் உங்களிட்ட வந்து சேந்த வழி. பிறகு அப்பப்பா எந்தக் கோயில், ஞானஸ்நானத்தில ஆர் அந்தப் பேரக் குடுத்தது எண்டு ஒரு வசனம்.

தமிழ் தெரியாத ஆக்களுக்கு எப்பிடிச் சொல்லுறது? என்ர பேரை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிக் கடிக்கினம்.

கிளிநொச்சியில பொறியியல் படிக்கிற மச்சாள் ஒருத்தியும் இதத் தான் கேட்டவள், அவளின்ர பட்ச்சில சிங்களப் பிள்ளையள் கனக்க. ரெண்டு விசயம். முதலாவது, எல்லாத்தையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை, கோயிலைச் சிங்களத்திலயும் கோவில எண்டு தான் சொல்லுறது, அம்மம்மா எண்டா விளங்காத ஆள் இல்லை. இங்கிலீஷில சொல்லேக்கயும் அந்தச் சொற்கள அப்பிடியே விடுங்கோ, அது தான் காதில நிக்கும்.

ரெண்டாவது, பேர உடைச்சு ஒருக்காச் சொல்லுங்கோ, ந கு லா, எண்டு மெதுவா. அவையின்ர மொழியில கிட்டத்தட்ட அதே சத்தத்தில ஒரு சொல் இருந்தா அதிர்ஷ்டம் தான். எனக்கு இருந்தது. சிங்களத்தில நகுல எண்டா கலப்பை, எனக்கு அது தெரியாது, கணக்குப் பகுதியில இருந்த ஒரு சிங்கள அக்கா தான் சிரிச்சுக்கொண்டு சொன்னவ. அதுக்குப் பிறகு சிங்கள ஆக்களுக்குச் சொல்லேக்க "கலப்பை மாதிரித் தான், கடைசியில கொஞ்சம் இழுங்கோ" எண்டுவன், ஒருத்தரும் பிழைக்கிறேல்லை. கவனம், இதுவும் கீரி மாதிரிப் பட்டப்பேராகலாம், அதால இருபது பேருக்கு முன்னால சொல்லுறேல்லை, ஒராள் ரெண்டு தரம் பிழையாச் சொன்னாத் தான் சொல்லுறது.

ழ வாற பேர்க்காரருக்கு ஒரு சின்ன ஆறுதல், யாழினி எண்ட பேர யாழ்ப்பாணத்திலயே நாங்கள் யாளினி எண்டு தான் கூப்பிடுறம், வெளியாக்களிட்ட மட்டும் ழகரத்துக்கு அடம்பிடிக்கிறது நியாயமில்லை.

ஈமெயில்ல எல்லாரும் என்னை அப்பான்ர பேரச் சொல்லிக் கூப்பிடுகினம். இதையும் அறிமுகத்தில சொல்லவோ?

ஒரு வசனத்தில கட்டாயம் சொல்லுங்கோ. எங்களுக்குக் குடும்பப்பேர் எண்டு ஒண்டு இல்லை, முன்னால அப்பான்ர பேர், பின்னால எங்கட பேர். கொம்பியூட்டர் முதல் சொல்லத் தான் உங்கட பேரெண்டு எடுக்கும், Sivasothy Nakulambikai எண்டு பதிஞ்சா வாற கடிதமெல்லாம் Dear Sivasothy. நான் ஒருக்கா ஒரு மீற்றிங்கில சிவசோதி எங்க எண்டு கேக்க, அவர் வீட்டில வாழைக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருப்பார் எண்டு சொன்னன், அதுக்குப் பிறகு எல்லாருக்கும் விளங்கீட்டுது.

அறிமுகத்தில, "முன்னால இருக்கிறது அப்பா, பின்னால இருக்கிறது நான்" எண்டு சொன்னாக் காணும். சிங்கள ஆக்களுக்குக் கடைசிப் பேர் குடும்பப்பேரா இருக்கிறதால, எங்கட கடைசிப் பேரையும் அவை அப்பிடி நினைச்சு, சொந்தப்பேர் முன்னால இருக்கிறதெண்டு எடுக்கிறது இயல்பு, கோவிக்க ஒண்டுமில்லை. ஆனா சேரேக்கயே ஐரி ஆளிட்டச் சொல்லி, திரையில தெரியிற பேர மாத்தச் சொல்லுங்கோ, மாதக் கணக்காப் போனாப் பிறகு ஆரும் கவனிக்க மாட்டினம்.

வீட்டுப்பேரால கூப்பிடச் சொல்லலாமோ? என்னை எல்லாரும் குட்டி எண்டு தான் கூப்பிடுறது.

முப்பது வயசில கணக்கறிக்கைய நீட்டேக்க குட்டி எண்டு கூப்பிட்டா எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. கம்பஸெண்டா பறவாயில்லை.

நான் சொன்னது சரியாப் போச்சோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?

அண்டைக்குச் சிரிச்சினமோ, கை தட்டினமோ எண்டத வச்சுப் பாக்காதேங்கோ, எனக்கு முதல் தரம் நல்ல சிரிப்பு. ஒரு கிழமை போகட்டும். கன்ரீனில உங்களோட கதைக்காத ஒராள் உங்களைச் சரியான பேரால கூப்பிட்டா வேலை செய்திருக்கு. பேரை விட்டிட்டு கதையில வந்த ஒரு சொல்லால கூப்பிட்டா அந்தச் சொல்ல அடுத்த முறை வெட்டுங்கோ. ஒண்டுமே சொல்லிக் கூப்பிடாமல், "உவ, அந்த புதுப் பிள்ளை" எண்டா நீங்கள் பேரை முதல் வசனத்திலயே விழுங்கியிருக்கிறீங்கள்.

சேந்து ரெண்டு வருசமாச்சு, இனிப் போய்ச் சொல்லுறது விசரா இருக்கும் தானே?

புதுசா ஒராள் வந்தா திரும்ப எல்லாரும் வரிசையாப் பேர் சொல்லுவினம், அப்ப சொல்லலாம். போன மாசம் எங்கட ஒப்பிஸுக்கு ஒரு தம்பி வந்தவர், அவருக்காக எல்லாரும் சொன்னம், நாலு வருசமாப் பக்கத்துக் கதிரையில இருக்கிற அண்ணைக்குச் செல்வச்சந்நிதியில நேத்தி வச்சுப் பிறந்ததால தான் சந்நிதி எண்டு பேரெண்டு எனக்கு அண்டைக்குத் தான் தெரியும், நான் அது ஏதோ ஸ்ரைல் பேரெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.